ஐஸ் பக்ரறி மதிலோரத்துப் பிள்ளைக்கு

யாழ்ப்பாணத்தில் ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடித்தாக வேண்டும். உயிரோடு இருந்த காலத்தில் அயலுக்குத் தண்ணீர் அள்ளவும் கிணற்றடியைத் திறந்துவிடாத மனுசனாக இருந்தாலும், மலரில் அவர் குளிர்நிலவுதான், குலவிளக்குதான். அந்த நிலவுகளையும் விளக்குகளையும் பதினான்கு வருசமாக எழுதிக் கொடுத்துக்கொண்டிருப்பவள் நிரோஜினி. பிலிப்பரின் அச்சகத்தில் கணினிக்கு முன்னால் இருந்து எழுத்துக் கோர்ப்பது அவளுக்குச் சம்பள வேலை. பாட்டெழுதுவது மேல்வேலை. செத்தவரின் பெயர், வயது, பிள்ளைகள் எத்தனை பேர், அதில் எத்தனை பேர் கனடா என்று சொன்னால் போதும். அரை மணித்தியாலத்தில் பதினாறு வரி தருவாள், கண்ணீர் வரும்.

ஆனால் இந்தத் திங்கட்கிழமை அவளுக்குப் பாட்டு வரவில்லை. எழுதவேண்டியது அவளுக்கே என்பதுதான் வினை.

ஞாயிறு பூசை முடிந்தபின் பங்கு மண்டபத்தில் உயர்தரச் சோதனைப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளின் தாய்மாருக்கு ஒரு கூட்டம் வைத்தார்கள். இணுவிலில் இருந்து கஜானி என்ற உளவளத்துணையாளர் வந்திருந்தாள். சின்னப் பெட்டை, ஆனால் சுற்றிவளைத்துப் பேசத் தெரியாதவள்.

“அம்மாமார், பெறுபேறு புதன்கிழமை வருமாம். பிள்ளையளுக்கு நீங்கள் சொல்லவேண்டியதெல்லாம் சொல்லி முடிச்சிட்டியள். அதுகளுக்குக் காது புளிச்சுப்போச்சு. இப்ப உங்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கோ. உங்கடை பெறுபேறு வாறதுக்கு முதல்நாள் நீங்கள் எப்பிடி இருந்தனீங்கள்? அந்தப் பிள்ளைக்கு. பாட்டா எழுதுங்கோ.”

“ஏன் பாட்டா?” என்று பின்வரிசை வாங்கில் இருந்து யாரோ கேட்டார்கள்.

“வசனமா எழுதினா நியாயம் சொல்லத் தொடங்கிவிடுவியள். வரியை முறிச்சு எழுதினா நியாயம் சொல்ல இடம் காணாது.”

பிறகு விதிகளைச் சொன்னாள். மேலே அன்றைய திகதியைப் போடவேண்டும், இன்றைய திகதியை அல்ல. ‘நீ’ என்றுதான் கூப்பிடவேண்டும். அவள் இருந்த வீட்டையும் அவள் அந்த நேரம் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதையும் எழுதவேண்டும். அவளுக்குத் தெரியாத, உங்களுக்குத் தெரிந்த ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். புத்திமதி கூடாது. கீழே கையெழுத்தும் வேண்டாம், எழுதினவளும் வாசிக்கிறவளும் ஒருத்திதானே. வியாழக்கிழமை கொண்டுவந்து தந்தால் போதும், யாருக்கும் வாசித்துக் காட்டமாட்டேன் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

நிரோஜினியின் மகள் லவீனாவுக்கு இது மூன்றாம் தடவை. அதோடு சரி, நாலாம் தடவை சோதனை எடுக்க விடமாட்டார்கள். வணிகப் பிரிவு. முதல் தடவை ஒரு பாடம் கைவிட்டது. இரண்டாம் தடவை ஒரு சி, இரண்டு எஸ்; எஸ் என்றால் மட்டுமட்டான சித்தி. அன்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினவள் இரண்டு நாள் பச்சைத்தண்ணீரும் குடிக்கவில்லை. தகப்பன் றஞ்சித் கதவை உடைக்கக் கோடரி எடுத்தபிறகுதான் திறந்தாள். இந்தமுறை கதவு திறக்காவிட்டால்? றஞ்சித்தும் இப்போது மன்னார், பேசாலைப் பக்கம் கடற்தொழிலுக்குப் போய்விட்டான். நிரோஜினிக்கு இரண்டு கிழமையாக நித்திரையில்லை. சாப்பாடு மண்ணாக இருந்தது. பிள்ளை தேறுமா தேறாதா என்பதைவிட, பெறுபேற்றுக்குப் பிறகு பிள்ளை சோற்றுக்கு வந்து உட்காருமா என்பதுதான் அவளைத் தின்றுகொண்டிருந்தது.

இதில் இன்னொரு சனியனும் இருந்தது. “நான் விளக்கு வெளிச்சத்திலை படிச்சு ரெண்டு பி, ஒரு சி எடுத்தனான். கம்பஸ் வெட்டுப்புள்ளிக்கு மயிரிழையிலை தவறிப்போச்சு. உனக்கு மின்விசிறி, ரியூசன், போன், எல்லாம் கிடக்கு” என்று மகளுக்குச் சொல்லிச் சொல்லி நிரோஜினிக்கு வாய் பழகிவிட்டது. றஞ்சித்துக்கும் சொன்னது அதே கதைதான். சான்றிதழ் எங்கே என்றால் கறையான் அரித்துவிட்டது. கறையானும் பாவம், செய்யாத குற்றத்தை இருபத்திரண்டு வருசம் சுமந்தது.

உண்மையில் வந்தது இரண்டு எஸ், ஒரு எவ். தமிழுக்கு எஸ், கிறிஸ்தவ நாகரிகத்துக்கு எஸ், புவியியலுக்கு எவ், சித்தியில்லை.

திங்கட்கிழமை மத்தியானம், அச்சகத்தில் ஆள் குறைந்த நேரம், வெட்டி மிஞ்சின ஒரு நீளத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு எழுதினாள்.

*மண்ணிலே மலர்ந்த மொட்டே*
*மதியென வந்த சிட்டே*

பிலிப்பர் தேத்தண்ணியோடு பின்னால் வந்து எட்டிப்பார்த்தார்.

“ஆர் பிள்ளை செத்தது? சின்ன வயசுபோல.”

“ஒருத்தரும் சாகேல்லை அண்ணை. நீங்கள் போங்கோ.”

அவள் தாளைக் கசக்கி எறிந்தாள். கை பழகின பழக்கம் அது. யாரையாவது ‘நீ’ என்று கூப்பிட்டாலே செத்தவரைக் கூப்பிடுகிற தொனி வந்துவிடுகிறது. எதுகை தேடினால் உண்மை ஓடிப்போகிறது. ‘சிட்டே’ வந்தால் ‘பட்டே’ வரவேண்டும், ‘பட்டே’ வந்தால் அந்தப் பெட்டை அன்று போட்டிருந்த அக்காவின் பழைய சட்டையை எழுத முடியாது. சரி, எதுகை வேண்டாம் என்று விட்டாள். அடுத்ததில் புத்திமதி வந்தது. ‘கலங்காதே, காலம் மாறும்.’ எங்கே மாறினது? அதையும் வெட்டினாள்.

நாலாவது தாளில்தான் திகதியைப் போட்டாள். திகதி போட்டவுடன் அந்தப் பிள்ளை வந்து முன்னால் நின்றாள் என்றே சொல்லவேண்டும். அதே வீடு. தாய் வீடு சீதனமாக அவளுக்கே வந்ததால் இன்றைக்கும் நிரோஜினி இருப்பது அந்த ஐஸ் பக்ரறி மதிலோர வீட்டில்தான். தலையைப் பின்னிப் பின்னி அவிழ்த்துக்கொண்டிருந்த பெட்டையைக் கண்டாள். இனி நடக்கப்போவதெல்லாம் ‘போவாய்’, ‘பார்ப்பாய்’, ‘சொல்லுவாய்’ என்று எதிர்காலத்தில் வந்து விழுந்தது. எல்லாம் நடந்து முடிந்தவை. ஒன்றையும் மாற்ற முடியாது. அவள் எழுத எழுத, கடைசியில் ஒரேயொரு இடம் மட்டும் மிஞ்சினது. நடக்காத ஒன்றை அங்கே எழுதலாம். செவ்வாய் மத்தியானம் வரை யோசித்து இரண்டு வரி எழுதினாள். எழுதி முடிய அழுகைகூட வரவில்லை, உடம்பு ஓய்ந்துபோய் இருந்தது.

அதே நீளத் தாளில் இன்னொரு துண்டை வெட்டி, அந்தோனியாருக்கு மன்றாட்டு எழுதினாள். செவ்வாய் நவநாளில் வாசிக்கிற மன்றாட்டு. இன்ன திகதி, என் பிள்ளை சோதனையில் சித்தியடைய வேண்டும், அடையாவிட்டாலும் அவளைக் காத்தருளவேண்டும் என்று நாலு வரி. பெயர் போடுகிற வழக்கம் இல்லை. இரண்டு தாளையும் நாலாக மடித்தாள். ஒன்று கைப்பையின் உள்ளறைக்குள் போனது. மற்றது அன்று பின்னேரம் கோயில் வாசலில் இருந்த மன்றாட்டுப் பெட்டிக்குள் விழுந்தது.

எது எதற்குள் போனது என்று இனி நான் சொல்லத் தேவையில்லை.

நவநாளுக்குச் சனம் நிறைந்திருந்தது. நாளைக்குப் பெறுபேறு என்றால் அந்தோனியாருக்கு அன்று ஓய்வில்லை. நடு வாங்கில் நிரோஜினி இருந்தாள், பக்கத்தில் லவீனா. மகளை இழுத்துக்கொண்டு வந்ததே பெரும்பாடு. வெயில் தாழ்ந்தும் வெக்கை தாழவில்லை. மன்றாட்டுகளை வாசிக்கிற பொறுப்பு ஸ்ரெல்லாவுடையது. ஸ்ரெல்லா குருநகரிலேயே தெளிவான குரல்காரி. ஐம்பது அறுபது தாள் இருக்கும், முன்கூட்டிப் பார்க்க நேரமில்லை, எடுத்த எடுப்பில் விரித்து வாசித்துக்கொண்டே போவாள். எல்லாத் தாளிலும் மேலே திகதி இருக்கும். அதையெல்லாம் வாசித்தால் விடிந்துவிடும் என்று அவள் திகதியை விட்டுவிட்டு அடுத்த வரியில்தான் தொடங்குவாள். பாதரும் அதற்கு ஒன்றும் சொன்னதில்லை.

பதினைந்தாவதோ பதினாறாவதோ தாளை விரித்தாள்.

“பிள்ளை,
ஐஸ் பக்ரறி மதிலோரத்து வீட்டில்
தலையைப் பின்னுகிறாய், அவிழ்க்கிறாய்,
திரும்பவும் பின்னுகிறாய்.
நாளைக்கு என்ன வரும் என்று
ஊரெல்லாம் கும்பிட்டுத் திரிகிறாய்.
எனக்குத் தெரியும்.
எஸ். எஸ். எவ்.”

ஸ்ரெல்லாவே ஒரு கணம் நிறுத்திக் கண்ணாடியைச் சரிசெய்தாள். ஐஸ் பக்ரறி மதிலோரத்தில் வீடு ஒன்றுதான் இருக்கிறது. அந்த வீட்டில் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிற பிள்ளையும் ஒன்றுதான். முன்வாங்கில் இருந்த தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. பக்கத்து வீட்டு மரியரட்ணம் அக்கா வாயில் கைவைத்துக்கொண்டு முழுசாகவே திரும்பிப் பார்த்தாள்.

நிரோஜினி பையைத் திறந்து மற்றத் தாளைத் தொட்டுப் பார்த்தாள். நாலு வரி. ஐயோ, மாதாவே!

லவீனா தாயைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பரவாயில்லை. ‘நீங்கள்கூட இதைத்தான் நினைச்சுக்கொண்டிருந்தனீங்களோ’ என்கிற மாதிரி ஒரு பார்வை. மூன்று வருசம் படித்த படிப்பெல்லாம் அந்த இடத்தில் வடிந்துவிட்டது போல இருந்தது. பிறகு அவள் பாதணியைக் காலால் தேடினாள், எழும்பிப் போவதற்கு.

பேசாமல் இருக்கலாம். யாரோ பொல்லாதது எழுதிப் போட்டுவிட்டார்கள் என்று பிறகு சொல்லலாம். சொன்னால் சனம் நம்பும். இருபத்திரண்டு வருசமாக நம்பின சனம்தானே. இரண்டு பி-யும் ஒரு சி-யும் பத்திரமாக இருக்கும். பிள்ளை மட்டும் எழும்பிப் போய்விடும்.

நிரோஜினி எழும்பி நின்றாள்.

“ஸ்ரெல்லா, திகதியை வாசி.”

“என்ன நிரோ?”

“மேலை திகதி கிடக்கு. அதை வாசியடி.”

ஸ்ரெல்லா தாளைக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள். வாசித்தாள். ஆண்டு இரண்டாயிரத்து மூன்று.

“அது பிள்ளைக்கு இல்லை. அது எனக்கு.” நிரோஜினியின் குரல் கடைசி வாங்குவரை கேட்டது. “எனக்கு வந்ததுதான் எஸ், எஸ், எவ். மன்றாட்டை மாறிப் போட்டிட்டன், பாதர். மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

பீடத்தில் இருந்த பாதர் என்ன செய்வதென்று தெரியாமல் நெற்றியைத் துடைத்தார். ஸ்ரெல்லா தாளை மடிக்கப் போனாள்.

“மிச்சத்தையும் வாசிச்சுவிடு,” என்றாள் நிரோஜினி. “அரைவாசியிலை விட்டா அதுக்கு அர்த்தமில்லை.”

ஸ்ரெல்லா பாதரைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார்.

“உள்ளங்கையில் சுட்டெண்ணை எழுதிக்கொண்டு போவாய்.
பள்ளிக்கூடப் பலகையில் ஒட்டியிருப்பார்கள்.
மூன்று எழுத்தையும் மூன்று தரம் பார்ப்பாய்.
வியர்வையில் உன் கைதான் அழியும்.
பலகை அழியாது.

நேரே வீட்டுக்கு வரமாட்டாய்.
ஜெற்றிக்குப் போய்த் தண்ணீரைப் பார்ப்பாய்.
இடுப்பளவுதான் என்று தெரிந்தும் பார்ப்பாய்.
கைகழுவப் போனதாய் உனக்கே சொல்லிக்கொள்வாய்.

பிறகு வந்து பொய் சொல்லுவாய்.
அப்பா நம்புவார். கட்டினவன் நம்புவான்.
கறையானில் பழியைப் போடுவாய்.
உன் வயிற்றில் பிறந்தவளை
அந்தப் பொய்யால் அடிப்பாய்.

இவ்வளவும் நடக்கும். என்னால் தடுக்க ஏலாது.
ஒன்று மட்டும் சொல்லுகிறேன்,
அன்றைக்கு ஒருத்தரும் உனக்குச் சொல்லாதது.
எது வந்தாலும் வீட்டுக்கு வா.
சோறு கிடக்கு.”

ஸ்ரெல்லா முடித்துவிட்டு, பழக்கதோசத்தில் “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்றாள். சனமும் பழக்கதோசத்தில் திருப்பிச் சொன்னது.

வீட்டுக்கு வரும் வழி முழுக்க லவீனா முன்னால் நடந்தாள். படலையடியில்தான் நின்றாள்.

“எத்தினை தரம் அம்மா? பி, பி, சி, பி, பி, சி எண்டு எத்தினை தரம் சொன்னனீங்கள்?”

“கனதரம்.”

“போன வருசம் நான் கதவைப் பூட்டினது மாக்ஸ் குறைஞ்சதுக்கெண்டு நினைச்சனீங்களோ? உங்கடை பி, பி, சிக்குக் கிட்டவும் வரேல்லை எண்டுதான் பூட்டினனான்.”

நிரோஜினி சொல்லவேண்டியதெல்லாம் கோயிலில் சனம் முழுக்கக் கேட்டுவிட்டது. லவீனா உள்ளே போய் அறைக் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

புதன்கிழமை காலை அறைக் கதவு திறந்து கிடந்தது. சைக்கிளும் இல்லை, பிள்ளையும் இல்லை. போனை எடுத்துக்கொண்டு போயிருந்தாள். நிரோஜினி அழைத்துப் பார்த்தாள், மணி அடித்து ஓய்ந்தது. பிலிப்பருக்கு வேலைக்கு வரவில்லை என்று சொன்னாள். பெறுபேறு பத்தரைக்கு வந்துவிட்டதென்று பக்கத்து ஒழுங்கையில் வெடி கொளுத்தினார்கள். அவளிடம் மகளின் சோதனைச் சுட்டெண் இருந்தது. தன் போனில் பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளத்தைத் திறந்தாள். சுற்றிக்கொண்டே நின்றது, எல்லாரும் ஒரே நேரத்தில் விழுந்தால் அது அப்படித்தான். மூன்றாம் முறை பக்கம் வந்தது, சுட்டெண் கேட்கிற கட்டமும் வந்தது. அவள் ஒரு இலக்கமும் அடிக்கவில்லை. பிள்ளை சொல்லாமல் பார்ப்பது களவு என்று பட்டது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அரிசியைக் கழுவினாள்.

பத்துத் தரம் ஜெற்றிக்கு ஓடிப்போய்ப் பார்க்க நினைத்தாள். பத்துத் தரமும் செருப்பைப் போட்டாள், கழற்றினாள். பிள்ளை வருகிற நேரம் வீட்டில் ஆளில்லாவிட்டால்? இருபத்திரண்டு வருசத்துக்கு முன் அவள் ஜெற்றியில் இருந்து திரும்பி வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. தாயும் தமக்கையும் சந்தைக்குப் போயிருந்தார்கள். அதைப் பாட்டில் எழுதாமல் விட்டிருந்தாள். மீன் குழம்பை இறக்கி வைத்தாள், பிறகு கறி ஆறிவிட்டதென்று திரும்ப அடுப்பில் வைத்தாள்.

“நிரோ, பிள்ளைக்கு என்ன மாதிரி?” மரியரட்ணம் அக்கா வேலிக்கு மேலால் கேட்டாள்.

வழக்கத்தில் அந்த இடத்துக்கு ஒரு பொய் தயாராக நிற்கும். இன்று தேடினாள், வரவில்லை.

“தெரியாதக்கா. அவள் இன்னும் வரேல்லை. எனக்குப் பயமாக் கிடக்கு.”

மரியரட்ணம் அக்கா வேலியடியிலேயே நின்றாள். இரண்டு பெண்களும் ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இரண்டு மணி தாண்டி சைக்கிள் சத்தம் கேட்டது. லவீனா வந்து சைக்கிளைச் சுவரில் சாத்தினாள். வெயிலில் முகம் கறுத்து, கண் வீங்கி இருந்தது. பாவாடை முழங்கால்வரை நனைந்து உப்புப் படிந்திருந்தது. நிரோஜினி அதைக் கண்டாள். வாய்க்குள் வந்த கேள்விகளையெல்லாம் பல்லால் பிடித்துக்கொண்டாள்.

லவீனா குசினி வாசற்படியில் குந்தினாள். தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். பேனாவால் எழுதின இலக்கங்கள் பாதி அழிந்து கிடந்தன. போனில் பார்க்கிறதுக்குக் கையில் எழுதத் தேவையில்லை. ஆனாலும் எழுதியிருந்தாள்.

“அம்மா,” என்றாள். “சோறு கிடக்கோ?”

நிரோஜினி கோப்பையை எடுத்துச் சோற்றைப் போட்டாள். குழம்பு கொஞ்சம் நிலத்தில் சிந்தினது. லவீனா பிசைந்து ஒரு வாய் வைத்தாள், இன்னொரு வாய் வைத்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் மரியரட்ணம் அக்கா மூக்கைச் சீறுகிறது கேட்டது.

“ரெண்டு சி, ஒரு எஸ்,” என்றாள் லவீனா, வாயில் சோற்றோடு. “கம்பசுக்குக் காணாது எண்டுதான் நினைக்கிறன்.”

“மீன் இன்னும் கிடக்கு,” என்றாள் நிரோஜினி. “போடட்டோ?”

“போடுங்கோ.”